குளிர்சாதனம் உறைந்து போனால்...



கத்திரி வெயில் காயும் நாட்களில், அதுவும் அறையைக் குளிர்விப்பதற்கென்றே வாங்கிய இயந்திரம், தன் மேலேயே பனிக்கட்டியைப் போர்த்துக்கொண்டு குளிர் தராமல் நின்றுவிடுகிறது என்றால் கேட்பவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஏ.சி. உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்றேயாகும். இரவு முழுவதும் ஓடிய இயந்திரத்திலிருந்து விடியற்காலையில் காற்று மெலிந்துவிடுகிறது, அறை புழுங்குகிறது, சற்று நேரத்தில் சுவரோரமாகத் தண்ணீர் சொட்டத் தொடங்குகிறது. பதற்றத்தில் வீட்டார் சிலர் கத்தியையும் திருப்புளியையும் எடுத்துப் பனியைக் கொத்துகின்றனர். சிலர் வெந்நீரை ஊற்றுகின்றனர். இன்னும் சிலர் 'குளிரவில்லையே' என்று ரிமோட்டில் 16 டிகிரிக்கு இறக்கிவிடுகின்றனர். இம்மூன்றுமே இயந்திரத்தைக் கெடுக்கும் செயல்கள். ஆகவே, பனி ஏன் பிடிக்கிறது, அதைத் தீங்கின்றி எப்படிக் கரைப்பது, கரைந்த பிறகு எதைப் பார்ப்பது என்பவற்றை இம்மாதம் காண்போம்.

முதலில் இயந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. சுவரில் மாட்டியுள்ள பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால், வலைபோன்ற ஃபில்டர் தெரியும். அதற்குப் பின்னால் காகிதம்போல் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அத்தகடுகளின் ஊடே செப்புக்குழாய் வளைந்து வளைந்து செல்லும். இதைத்தான் 'காயில்' என்கிறார்கள். குழாயினுள்ளே கேஸ் திரவமாக வந்து, கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அது அறைக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை இழந்த காற்று குளிர்ந்து வெளியே வருகிறது. நல்ல நிலையில் உள்ள காயில் குளிர்ச்சியாக இருக்குமே தவிர, பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே போகாது. எனவே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்துளிபோல் படிந்து, தட்டில் வடிந்து, குழாய் வழியாக வெளியேறிவிடும். நாம் வெளியே காணும் ஏ.சி. தண்ணீர் இதுதான்.

காயிலின் குளிர் பூஜ்ஜியத்திற்குக் கீழே இறங்கிவிட்டால், படியும் நீர் வடிவதற்குப் பதிலாக உறைகிறது. அவ்வாறு இறங்குவதற்கு இரண்டு காரணங்களே முதன்மையானவை. ஒன்று, காயிலின் மேல் போதிய காற்று பாயாமை. மற்றொன்று, காயிலின் உள்ளே போதிய கேஸ் இல்லாமை.

காற்று குறைந்தால் என்னவாகும்? குழாய்க்குள் கொதிக்கும் திரவத்திற்கு வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுப்பது அறைக்காற்றுதான். ஃபில்டரில் தூசி அடைத்துக்கொண்டாலோ, உள்ளே சுழலும் விசிறியில் அழுக்கு அப்பிக்கொண்டாலோ, விசிறியின் வேகத்தை மிகக் குறைத்து வைத்தாலோ அந்த வெப்பம் வந்து சேர்வதில்லை. காயிலின் குளிர் மேலும் மேலும் இறங்குகிறது. முதலில் வெண்பூச்சுபோல் உறைபனி தோன்றுகிறது. அது தகடுகளின் இடைவெளியை அடைக்கிறது. அடைபட்டதால் காற்று இன்னும் குறைகிறது. காற்று குறைந்ததால் பனி இன்னும் வளர்கிறது. இப்படியே சில மணி நேரத்தில் காயில் முழுவதும் ஒரே பனிப்பாளமாகிவிடும்.

கேஸ் குறைந்தாலும் பனி பிடிக்கும் என்பது பலருக்குப் புதிராக இருக்கும். குளிரைத் தருவதே கேஸ் என்றால், அது குறையும்போது குளிரும் குறையத்தானே வேண்டும் என்று கேட்கலாம். உதகமண்டலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகையால் தண்ணீர் சமவெளியைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. அதே விதிதான் இங்கும். கேஸ் குறைந்தால் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் திரவம் முன்னைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கிறது. அதனால் திரவம் நுழையும் இடத்தில் காயில் பூஜ்ஜியத்திற்கும் கீழே போய் உறைகிறது. உள்ள கொஞ்சத் திரவமும் அங்கேயே ஆவியாகித் தீர்ந்துவிடுவதால், காயிலின் மற்றப் பகுதி குளிராமலே கிடக்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காற்றுக் குறைவால் வரும் பனி பெரும்பாலும் காயில் முழுவதும் பரவியிருக்கும். கேஸ் குறைவால் வரும் பனி பெரும்பாலும் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும். வெளியே உள்ள பெட்டியில் இரண்டு செப்புக்குழாய்கள் சேருமிடத்தில், மெல்லிய குழாயின் முனையில் வெண்பனி படிந்திருப்பதும் கேஸ் குறைவின் அடையாளம். அந்தக் குழாய்கள் குளிர்ந்து வியர்த்திருப்பது இயல்பு. வெள்ளையாக உறைந்திருப்பது இயல்பன்று. ஆனால் நாள்பட விட்டுவிட்டால் கேஸ் குறைவால் தொடங்கிய பனியும் காயில் முழுவதும் படர்ந்துவிடக்கூடும். ஆதலால் பனியின் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாமல், பின்னர் சொல்லப்போகும் சோதனையையும் செய்துபார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததை இங்கே எடுத்துக்காட்டுவது பொருத்தமாக இருக்கும். மாடி அறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. கோடை விடுமுறைக்கு மகள் கைக்குழந்தையுடன் வந்திருந்தார். குழந்தைமேல் காற்று வேகமாகப் படக்கூடாதென்று விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்தனர். அறை குளிர வேண்டுமென்று 18 டிகிரியில் வைத்தனர். ஃபில்டரைக் கழுவி மூன்று மாதங்களுக்கு மேலாகியிருந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் காற்று நின்றுபோய், கட்டிலின் மேல் தண்ணீர் சொட்டியது. உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பினர். அவர் வந்து சேர்ந்தது நண்பகல் கடந்த பிறகு. அதற்குள் பனி முழுவதும் கரைந்து காயில் காய்ந்து கிடந்தது. பனி பிடித்தது என்ற சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு, 'கேஸ் குறைந்துவிட்டது' என்று சொல்லிக் கேஸ் ஏற்றிவிட்டுப் போனார்.

பத்து நாட்களில் மறுபடியும் அதே கதை. இம்முறை, வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் ஏ.சி. பராமரிப்பு வேலை பார்த்துத் திரும்பியிருந்த உறவினர் ஒருவர் பக்கத்து வீட்டிலிருந்தார். அவரை அழைத்தனர்.

"காக்கா, கேஸ் போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லையே! அதற்குள் தீர்ந்து போய்விடுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"தீர்ந்து போக இது என்ன அடுப்புச் சிலிண்டரா, தம்பி? கேஸை விட்டுவிடுங்கள்; முதலில் பனியைப் பார்ப்போம்" என்றார் அவர்.

மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக வெண்பனி. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்திற்கு நேரே பிடித்தார்; வெளிச்சம் ஊடுருவவே இல்லை. விசிறி உருளையின் ஒவ்வோர் இதழிலும் கம்பளிபோல் தூசி படிந்திருந்தது. பனியை முறையாகக் கரைத்து, ஃபில்டரைக் கழுவி, மறுநாள் உருளையையும் காயிலையும் சுத்தம் செய்வித்த பிறகு அந்த இயந்திரத்தில் பனி பிடிக்கவில்லை. தேவையில்லாமல் ஏற்றப்பட்ட கேஸை வெளியே எடுத்துச் சரியான எடைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று என்பதுதான் வீண் செலவு. கேஸ் அளவுக்கு மிஞ்சினாலும் கம்ப்ரஸருக்குச் சுமைதான்.

அவர் பனியைக் கரைத்த முறையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதல் வேலை, குளிரூட்டுவதை நிறுத்துவது. பனி பிடித்த நிலையில் இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. உறைந்த காயிலில் திரவம் ஆவியாவதில்லை; அது திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பி வரக்கூடும். கம்ப்ரஸர் ஆவியை அழுத்துவதற்கென்று செய்யப்பட்டது. திரவம் வந்தால் அதன் உள்ளுறுப்புகள் அடிபடும். உள்ளிருக்கும் எண்ணெயும் நீர்த்துப்போகும். ஏ.சி.யில் மிக விலைமிக்க பாகமே அந்தக் கம்ப்ரஸர்தான். எனவே ரிமோட்டில் நிறுத்திவிட்டு, அதன் தனிச் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீருக்கு வழி செய்வது. பெட்டியினுள் உள்ள தட்டு, துளித்துளியாக வடியும் நீருக்கானது. பனிப்பாளம் கரையும்போது தண்ணீர் ஒரேயடியாக இறங்கும். சில நேரம் பனித்துண்டு நழுவித் தட்டுக்கு வெளியேயும் விழும். ஆகவே கட்டிலை நகர்த்தி, கீழே பழைய துணிகளையும் அகன்ற பாத்திரத்தையும் வையுங்கள். நம் வீடுகளில் ஏ.சி.க்கான பிளக்கும் ஸ்டெபிலைசரும் பெரும்பாலும் அதே சுவரில், பெட்டிக்குப் பக்கத்திலோ கீழேயோதான் இருக்கின்றன. அவற்றின்மேல் தண்ணீர் வழிந்திருந்தால் அவற்றைத் தொடவே கூடாது. உலர்ந்த கையுடன் மெயின் போர்டுக்குச் சென்று, ஏ.சி.க்கு உரிய எம்.சி.பி.யைக் கீழே தள்ளிவிடுங்கள். அப்படிப்பட்ட நிலையில் விசிறியையும் ஓட்டாமல், பனி தானாகவே கரையட்டும் என்று விட்டுவிடுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, ஃபில்டர். மின்சாரம் நின்றிருக்கும்போதே மூடியைத் தூக்கி ஃபில்டரை மெதுவாக வெளியே எடுங்கள். பனியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். சற்று நேரம் கழித்துத் தானே விட்டுவிடும். இந்த வேளையில் டார்ச் அடித்துப் பனி எங்கெங்கே உள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். மெக்கானிக் வரும்போது பனி இருக்காது, படம் இருக்கும். பிறகு ஃபில்டரை வெறும் தண்ணீரில் கழுவி, உதறி, நிழலில் காயவையுங்கள்.

நான்காவது, கரைத்தல். ஸ்டெபிலைசர், பிளக், பெட்டியின் மின்பலகைப் பக்கம் ஆகியவை உலர்ந்திருந்தால் மட்டும், காய்ந்த ஃபில்டரை மாட்டி, மீண்டும் மின்சாரம் கொடுத்து, ரிமோட்டில் 'ஃபேன்' நிலைக்கு மாற்றி, விசிறியை உச்ச வேகத்தில் ஓட்டுங்கள். இந்நிலையில் வெளிப்பெட்டி ஓடக்கூடாது. ஒருவரை அனுப்பி அது நின்றிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் முழுவதையும் நிறுத்திவிட வேண்டும். கதவையும் சன்னலையும் திறந்து, அறையின் மின்விசிறியையும் ஓடவிட்டால் வெளியிலுள்ள வெப்பக்காற்றே பனியைக் கரைத்துவிடும். விசிறி உருளை பனியில் உரசிக் 'கடகட'வென்று ஒலித்தால் உடனே நிறுத்திவிட்டு, தானே கரையும் வரை காத்திருங்கள்.

மெல்லிய உறைபனி ஒரு மணி நேரத்தில் போய்விடும். கனத்த பனிக்கு மூன்று மணி நேரம் ஆகலாம். விசிறியில்லாமல் விட்டால் அதற்கும் மேலாகலாம். இதில் அவசரம் காட்டுவதால்தான் சேதமே ஏற்படுகிறது. கத்தி, கரண்டி, திருப்புளி எதனாலும் பனியைக் குத்தாதீர்கள். தகடு நசுங்குவதோடு போகாது. பனிக்குள் மறைந்திருக்கும் செப்புக்குழாயின் சுவர் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியது. ஒரு குத்தில் துளை விழுந்து கேஸ் முழுவதும் வெளியேறிவிடும். இன்றைய ஏ.சி.கள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்னும் கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. சிலவற்றில் உள்ள ஆர்-290 நன்றாகவே பற்றக்கூடியது. எனவே 'சீ' என்ற ஓசை கேட்டால் நெருப்பும் சுவிட்சும் வேண்டாம். சன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம். அது பெட்டியின் ஓரத்திலுள்ள மின்பலகையில் பாய்ந்தால் பலகை போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு பிளாஸ்டிக் உறுப்புகளை நெளித்துவிடும். மேலும் தண்ணீர் சொட்டும் இடத்தில் மின்கருவியைக் கையில் பிடித்திருப்பதே தவறு. பனி விரைவில் கரையுமென்று உப்பைத் தூவுவோரும் உண்டு. உப்பு பனியைக் கரைக்கும். பிறகு அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும்.

பனி முழுவதும் கரைந்துவிட்டதை எப்படி அறிவது? வெளியே வடியும் நீர் நின்றிருக்கும். காற்று பழைய வேகத்தில் வரும். மின்சாரத்தை நிறுத்தி டார்ச் அடித்தால் தகடுகளுக்கு இடையில் எங்கும் வெண்மை தெரியாது. பாதி கரைந்ததும் போதுமென்று குளிரூட்டத் தொடங்கினால், மிச்சமிருக்கும் பனியைச் சுற்றிப் புதுப்பனி விரைவாகவே வளர்ந்துவிடும்.

இனி, முன்னர் சொன்ன சோதனைக்கு வருவோம். கழுவிய ஃபில்டருடன், விசிறியை உச்ச வேகத்தில் வைத்து, 24 அல்லது 25 டிகிரியில் இயந்திரத்தை ஓட்டுங்கள். அரைமணிக்கு ஒருமுறையாக இரண்டு மணி நேரம் கவனியுங்கள். பனி தோன்றாமல், இரவு முழுவதும் ஓடியும் காற்று மெலியாமல் இருந்தால், குறை காற்றோட்டத்தில்தான் இருந்தது, அது தீர்ந்தது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும், காற்று நன்றாக வீசியும், ஓரிரு மணி நேரத்திற்குள் காயிலின் ஒரு பகுதியிலோ வெளியே மெல்லிய குழாயிலோ பனி தோன்றினால், கேஸ் குறைவு என்று ஐயுறலாம். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்றே மெலிவாக வந்தால் உருளையிலோ காயிலின் உட்புறத்திலோ அழுக்கு இருக்கிறது. காயில் உறையும் நிலைக்கு வரும்போது கம்ப்ரஸரை நிறுத்துவதற்கென்று இயந்திரங்களில் ஒரு சிறிய சென்ஸர் காயிலில் செருகப்பட்டிருக்கும். அது கழன்றிருந்தாலும் கெட்டிருந்தாலும் பனி பிடிக்கும். இவையெல்லாம் மெக்கானிக் பார்க்க வேண்டியவை.

காற்று நன்றாக வந்து, குளிரும் குறையாமல், தண்ணீர் மட்டும் உள்ளே சொட்டினால் அது பனியின் விளைவாக இருக்க வாய்ப்பில்லை. வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அதைச் சுத்தம் செய்தால் போதும்.

கேஸ் குறைந்திருப்பது உறுதியானால் ஒன்றை மறவாதீர்கள். அடுப்புச் சிலிண்டரில் கேஸ் எரிகிறது, ஆதலால் தீர்கிறது. ஏ.சி.யில் உள்ள கேஸ் எரிவதில்லை. உடலில் இரத்தம் ஓடுவதுபோல் மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதை ஒக்கும். பெரும்பாலும் குழாய்கள் இணையும் திருகுகளில் கசிவு காணப்படும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அரித்துக் காயிலிலேயே துளை விழுவதும் உண்டு.

ஆகவே மெக்கானிக் கேஸ் ஏற்ற முற்படுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கசிவு எங்கே இருக்கிறது என்று நைட்ரஜன் நிரப்பிச் சோப்பு நுரையிட்டுப் பார்த்தீர்களா? அடைத்த பிறகு பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்சி எடுப்பீர்களா? கேஸைத் தராசில் எடை பார்த்து ஏற்றுவீர்களா? எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்தக் கேஸ் என்ற இரண்டும் வெளிப்பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டில் எழுதப்பட்டிருக்கும். வீடுகளில் உள்ள ஆர்-32 இயந்திரங்களுக்கு அது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவுதான். இவ்வளவு சிறிய அளவில் கையால் தட்டிப் பார்த்தும் கண்ணால் மதித்தும் ஏற்றுவது சரியாக அமையாது.

வீட்டாரின் பங்கு இதைவிட எளிது. ஏ.சி. நாள்தோறும் ஓடும் மாதங்களில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். கட்டுமான வேலை நடக்கும் தெருவானால் வாரம் ஒருமுறை கழுவுங்கள். குழந்தைமேல் காற்று படக்கூடாதென்றால் விசிறியின் வேகத்தைக் குறைக்காமல், காற்றைத் திருப்பும் இதழ்களை மேல்நோக்கி வையுங்கள். 16, 18 என்று இறக்கி வைப்பதையும் விட்டுவிடுங்கள். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் நட்சத்திரக் குறியீட்டுடன் விற்கப்படும் அறை ஏ.சி.களைத் தொடங்கியவுடன் 24 டிகிரியில் நிற்குமாறு அமைக்க வேண்டும் என்பது அரசின் விதி. மின்சாரச் சிக்கனத்திற்காக வந்த விதி அது. ஆயினும் அந்த அளவில் வைத்தால் கம்ப்ரஸர் இரவில் அவ்வப்போது ஓய்வெடுக்கிறது. அந்த இடைவேளையில், காயிலில் சிறிது பனி படிந்திருந்தாலும் விசிறிக்காற்று அதைக் கரைத்து வடித்துவிடும்.